கிளஸ்டர் திரும்பி வந்தது, தரவு வரவில்லை

2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் தளம் 314 நிமிடங்கள் முடங்கிக் கிடந்தது. அமெரிக்க வழக்கப்படி அன்றைய தேதி 3/14, அதாவது பை தினம். 314 என்ற எண் தற்செயலாக அமைந்ததுதான். அன்று அவர்கள் செய்யப் போனது வழக்கமான ஒரு வேலை. தங்கள் குபெர்னட்டிஸ் கிளஸ்டர்களில் ஒன்றை 1.23 பதிப்பிலிருந்து 1.24-க்கு உயர்த்தினார்கள். உயர்த்திய கையோடு தளம் நின்றுவிட்டது.

காரணத்தைத் தேடிப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. குபெர்னட்டிஸில் பதிப்பை உயர்த்தலாம். கீழிறக்குவதற்கு முறையான வழி கிடையாது. ஆகவே மிச்சம் இருந்தது பேக்கப்பிலிருந்து பழைய நிலையை மீட்பது மட்டும்தான். பேக்கப் இருந்தது. எப்படி மீட்பது என்று எழுதிவைத்த ஆவணமும் இருந்தது. ஆனால் அந்த ஆவணம் எப்போதோ காலாவதியான ஒரு குபெர்னட்டிஸ் பதிப்புக்காக எழுதப்பட்டது. அதை எழுதிய காலத்தில் அவர்களின் கண்டெய்னர்கள் டாக்கரில் ஓடின; இடையில் கிரை-ஓ என்ற வேறொரு மென்பொருளுக்கு மாறியிருந்தார்கள். தளம் கிடப்பில் கிடக்க, ஆவணத்தில் இருந்த கட்டளைகளை இன்றைய அமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே மீட்க வேண்டியதாயிற்று. மீட்டார்கள், தளமும் எழுந்தது.

பிறகுதான் காரணம் தெரிந்தது: ஒரு பெயர்ச்சீட்டு. கிளஸ்டரை நிர்வகிக்கும் கணினிகளின் மேல் `node-role.kubernetes.io/master` என்ற அடையாளச் சீட்டு இருந்துவந்தது. 1.24 பதிப்பு அதை எடுத்துவிட்டது. அவர்களுடைய வலையமைப்பின் வழித்தட ஏற்பாடு அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கணினிகளைத் தேர்ந்தெடுத்தது. சீட்டு போனதும் வழியும் போயிற்று.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, கெட்டுப்போனது எது என்பது. பதிவுகளும் பின்னூட்டங்களும் அழியவில்லை. எந்தக் கணினி எந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்புதான் மாறிப்போனது. குறிப்பைப் பழையபடி ஆக்கியதும் எல்லாம் சரியானது. எல்லா விபத்தும் இவ்வளவு தோதாக அமைவதில்லை.

குபெர்னட்டிஸ் என்பது பல கணினிகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் நூற்றுக்கணக்கான நிரல்களை ஓட்டி, ஒன்று விழுந்தால் வேறிடத்தில் மறுபடி எழுப்பும் மென்பொருள். கூகுள் 2014-இல் வெளியிட்டது. வங்கிச் செயலியிலிருந்து உணவு விநியோகச் செயலி வரை இன்று பல சேவைகள் இதன்மேல் ஓடுகின்றன. ‘இந்தக் கடைநிரல் மூன்று பிரதி ஓட வேண்டும், இந்தத் தரவுத்தளத்துக்கு 50 ஜிபி டிஸ்க் வேண்டும், கடவுச்சொல் இது’ என்று நாம் சொல்வதையெல்லாம் அது எட்சிடி என்ற சிறிய தரவுத்தளத்தில் எழுதிவைத்துக்கொள்கிறது. கிளஸ்டரின் மற்ற உறுப்புகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் நடக்கின்றன.

எட்சிடியைக் கிடங்கின் இருப்புப் பதிவேடு என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த வரிசையில் எத்தனை மூட்டை என்று அதில் இருக்கும். அரிசி அதில் இருக்காது. வாடிக்கையாளரின் ஆர்டர், நோயாளியின் அறிக்கை, மாணவரின் மதிப்பெண் எல்லாம் வால்யூம் எனப்படும் தனி டிஸ்க்குகளில் இருக்கின்றன. பதிவேட்டைப் பிரதி எடுப்பது ஒரு வேலை, சரக்கைக் காப்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு ‘கிளஸ்டருக்கு பேக்கப் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

எட்சிடி வழக்கமாக மூன்று கணினிகளில் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் தாக்குப்பிடிக்கும். மூன்று இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் தவறுதலாக எதையாவது அழித்தால், அந்த அழிப்பு அடுத்த நொடியே மூன்றிலும் ஒழுங்காகப் பதிவாகிவிடும். கணினி கெடுவதற்கு மூன்று பிரதி பதில் சொல்லும். மனிதர் தவறுவதற்கு அது பதில் சொல்லாது.

பிரதி எடுப்பது எளிது. கியூபிஅட்மின் என்ற கருவியால் அமைத்த கிளஸ்டரில் இப்படி:

```
etcdctl --endpoints=https://127.0.0.1:2379 \
  --cacert=/etc/kubernetes/pki/etcd/ca.crt \
  --cert=/etc/kubernetes/pki/etcd/server.crt \
  --key=/etc/kubernetes/pki/etcd/server.key \
  snapshot save /backup/etcd.db

etcdutl snapshot status /backup/etcd.db -w table
```

இரண்டாவது கட்டளை கோப்பின் அளவையும், அதில் எத்தனை பதிவுகள் உள்ளன என்பதையும் காட்டும். நேற்று பல ஆயிரம் பதிவுகள் இருந்து இன்று சில நூறுதான் என்றால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். கோப்பு பெரிதாக இருக்காது. எட்சிடிக்கு இயல்பாக வைத்திருக்கும் உச்சவரம்பே 2 ஜிபிதான். ஆகவே மணிக்கொரு தடவை எடுத்து, கிளஸ்டருக்கு வெளியே அனுப்பிவைப்பதில் பெரிய செலவு கிடையாது.

வெளியே அனுப்பும் முன் ஒன்று. அந்தக் கோப்பில் கடவுச்சொற்களும் இருக்கின்றன. குபெர்னட்டிஸ் அவற்றை இயல்பாக மறையாக்கம் செய்வதில்லை. எட்சிடியில் அவை அப்படியே கிடக்கும், கோப்பு கையில் கிடைத்த யாரும் நொடியில் படித்துவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் மறையாக்கத்தைத் தனியாக இயக்கிவைப்பார்கள். அப்போது அதன் சாவி எட்சிடிக்குள் இராது, நிர்வாகக் கணினியில் ஒரு கோப்பாக இருக்கும். அந்தக் கணினி எரிந்துபோனால் சாவியும் போயிற்று. பிரதியிலிருந்து கிளஸ்டர் எழுந்துவிடும், கடவுச்சொல் ஒன்றுகூடத் திறக்காது. சாவியையும் `/etc/kubernetes/pki` அடைவையும் காப்பாற்றியே ஆக வேண்டும், எட்சிடி பிரதி இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில்.

இனி விபத்துக்கு வருவோம். ஒரு சிறு இணையக் கடை என்று வைத்துக்கொள்வோம். கிளஸ்டரில் `kadai` என்ற நேம்ஸ்பேஸ். அதாவது அந்தக் கடைக்குரிய எல்லாவற்றையும் போட்டுவைத்திருக்கும் தனிப் பகுதி. அதற்குள் கடைநிரல், ஆர்டர்களை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதற்கு மேகச் சேவையிலிருந்து வாங்கிய 50 ஜிபி டிஸ்க். எட்சிடி பிரதி அதிகாலை 2 மணிக்கு எடுக்கப்பட்டது. காலை 11 மணிக்கு ஒருவர், சோதனைக் கிளஸ்டரில் இருக்கிறோம் என்ற நினைப்பில், `kubectl delete namespace kadai` என்று அடித்துவிடுகிறார்.

நேம்ஸ்பேஸ் போகும்போது அதற்குள் இருந்த டிஸ்க் கோரிக்கையும் போகிறது. தேவைக்கேற்பத் தானாக உருவாக்கப்படும் டிஸ்க்குகளுக்கு, நாம் எதுவும் சொல்லாவிட்டால், `Delete` என்ற விதி ஒட்டிக்கொண்டிருக்கும். கோரிக்கை போனால் டிஸ்க்கும் போக வேண்டும் என்பது அதன் பொருள். குபெர்னட்டிஸ் சொன்ன பேச்சைக் கேட்டு, மேகச் சேவையிடம் சொல்லி அந்த 50 ஜிபியையும் அழித்துவிடுகிறது. சில நிமிட வேலை.

பதறிப்போன அணி அதிகாலைப் பிரதியை எடுத்து எட்சிடியை மீட்கிறது. `kubectl get pvc` என்று கேட்டால் டிஸ்க் கோரிக்கை இருக்கிறது, நிலை `Bound` என்று வருகிறது. அப்பாடா என்று மூச்சுவிடுகிறார்கள். ஆனால் தரவுத்தளம் ஓட வேண்டிய பாட் மட்டும் `ContainerCreating` என்ற நிலையிலேயே நிற்கிறது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அசையவில்லை. `kubectl describe pod` கட்டளையின் அடிப்பகுதியில்தான் உண்மை இருக்கும்: `FailedAttachVolume`. பதிவேட்டில் அதிகாலையில் இருந்த டிஸ்க்கின் அடையாள எண் அப்படியே இருக்கிறது, அந்த எண்ணுக்குரிய டிஸ்க் உலகத்தில் இல்லை. `Bound` என்பது இரண்டு பதிவுகள் ஒன்றையொன்று சுட்டுகின்றன என்று மட்டும்தான் சொல்கிறது. டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று அது போய்ப் பார்ப்பதில்லை.

போதாக்குறைக்கு இன்னொன்றும் நடந்திருக்கும். எட்சிடியை மீட்டால் கிளஸ்டர் முழுவதும் அதிகாலை 2 மணிக்குத் திரும்பிவிடும். கடையோடு சம்பந்தமே இல்லாத வேறு அணி காலை 9 மணிக்கு வெளியிட்ட புதிய பதிப்பு காணாமல் போகும். 10 மணிக்கு ஒருவர் வாங்கிய புதிய டிஸ்க் மேகத்தில் அனாதையாக நிற்கும். அதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், வாடகை மட்டும் மாதாமாதம் ஏறும். ஒரு நேம்ஸ்பேஸை மீட்பதற்கு எட்சிடி ரீஸ்டோர் தவறான கருவி என்பது என் தீர்மானமான கருத்து. நிர்வாகக் கணினிகள் அனைத்தும் போய்விட்டால், அல்லது ரெட்டிட்டில் நடந்ததுபோல் பதிவேடே கெட்டுப்போனால், அதற்கு உரியது அது. ஒரு பகுதி மட்டும் போனால் வெலிரோ போன்ற கருவிகள் இருக்கின்றன. அவை எட்சிடியைத் தொடாமல், நேம்ஸ்பேஸ் வாரியாகக் குறிப்புகளையும் டிஸ்க் தரவையும் சேர்த்துப் பிரதி எடுத்து, தேவையானதை மட்டும் திருப்பி வைக்கும்.

டிஸ்க் பிரதிக்கும் ஒரு பொறி உண்டு. குபெர்னட்டிஸுக்குள்ளேயே `VolumeSnapshot` என்ற வசதி 1.20 பதிப்பிலிருந்து நிலையாக இருக்கிறது. டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையை நொடிகளில் பிடித்துவைக்கும், அருமையான வசதி. ஆனால் அந்த ஸ்னாப்ஷாட்டுக்கான பதிவும் அதே நேம்ஸ்பேஸுக்குள்தான் இருக்கும். அதன் வகுப்பில் `deletionPolicy: Delete` என்று இருந்தால், நேம்ஸ்பேஸை அழித்தவர் டிஸ்க்கோடு அதன் ஸ்னாப்ஷாட்டுகளையும் சேர்த்தே அழித்திருப்பார். நம் கடைக்கு அன்றாடம் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தாலும் 11 மணிக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சியிருக்காது. இரண்டு இடத்திலும் `Retain` என்று மாற்றிவைப்பது ஒரு வரி வேலை. அதோடு, ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் டிஸ்க் இருக்கும் அதே சேமிப்பு அமைப்பில்தான் தங்குகிறது. வேறோர் இடத்துக்கு நகல் போகாதவரை அதைப் பேக்கப் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தரவுத்தளத்தின் டிஸ்க்கைக் கோப்பு கோப்பாக நகலெடுப்பது இன்னும் ஆபத்தானது. போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கோப்பை 2:00 மணிக்கும் கடைசிக் கோப்பை 2:20-க்கும் நகலெடுத்தால், இரண்டும் வெவ்வேறு நேரத்து உலகங்கள். சேர்த்து வைத்தால் தரவுத்தளம் எழாமல் போகலாம். எழுந்து, உள்ளே கோணலாக இருந்தால் அது அதைவிட மோசம். டிஸ்க் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கும் ஸ்னாப்ஷாட் என்றால் பரவாயில்லை. திடீரென மின்சாரம் போய் வந்ததுபோல் எண்ணி, போஸ்ட்கிரெஸ் தன் மாற்றக் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்தக் குறிப்பேட்டை வேகத்துக்காகத் தனி டிஸ்க்கில் வைத்து, இரண்டு டிஸ்க்குகளையும் வெவ்வேறு கணங்களில் பிடித்தால் அந்த உறுதியும் போய்விடும். ஆகவே தரவுத்தளத்துக்கு அதன் சொந்தக் கருவியே பாதுகாப்பு: `pg_dump`, அல்லது `pg_basebackup` எடுத்து மாற்றக் குறிப்புகளைத் தொடர்ந்து வெளியே அனுப்பிக்கொண்டிருப்பது. இரண்டாவது முறையில் 11 மணி விபத்துக்குப் பின் 10:59 வரை கூடத் தரவைத் திரும்பப் பெறலாம்.

சொந்தக் கருவியை வைத்துவிட்டு மறந்துவிடுவதும் கூடாது. கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று உண்டான விபத்து குபெர்னட்டிஸ் சம்பந்தப்பட்டதல்ல, ஆனாலும் இங்கே சொல்லத் தகும். பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். அன்றாட `pg_dump` பேக்கப்பைத் தேடினால், அது வைக்கப்படும் இடம் காலி. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு, ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. பிழையைச் சொல்லும் மின்னஞ்சல்களும் முறையாகக் கையொப்பமிடப்படாததால் பெறும் இடத்தில் தள்ளுபடியாகிவிட்டன. விபத்துக்கு ஆறு மணிநேரம் முன்பு, வேறு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணிநேரத் தரவு போனது போனதுதான்.

இதற்குத்தான் ஒத்திகை. ஒத்திகை என்றால் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு முடிவதில்லை. கிளஸ்டரை எழுப்பிப் பார்ப்பது, அதுவும் இரண்டு கட்டமாக.

முதல் கட்டத்தில் ஒரு வெற்றுக் கணினியை எடுத்து, எட்சிடியை மட்டும் மீட்க வேண்டும்:

```
etcdutl snapshot restore /backup/etcd.db \
  --data-dir /var/lib/etcd-new \
  --bump-revision 1000000000 --mark-compacted
```

கடைசி வரிக்கு ஒரு விளக்கம் தேவை. எட்சிடியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு. கிளஸ்டரின் மற்ற உறுப்புகள் ‘கடைசியாக நான் பார்த்தது இந்த எண்’ என்று நினைவில் வைத்திருக்கும். பழைய பிரதியை வைத்ததும் எண் பின்னோக்கிப் போய்விடும்; நேற்றைய படத்தையே நினைவில் வைத்துக்கொண்டு அவை குழம்பி நிற்கும். எண்ணைப் பல கோடி தள்ளி முன்னே கொண்டுபோய், பழையவை செல்லாது என்று அறிவித்துவிட்டால் எல்லாம் புதிதாகப் படித்துக்கொள்ளும். இந்த வசதி இல்லாத பழைய கருவி என்றால் எல்லா உறுப்புகளையும் ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். பழைய ஆவணங்களில் இந்த வேலையே `etcdctl snapshot restore` என்று எழுதப்பட்டிருக்கும், எட்சிடி 3.6-இல் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டார்கள். ரெட்டிட்டின் ஆவணம் பழையதானது இப்படிப்பட்ட சின்ன மாற்றங்கள் சேர்ந்துதான்.

எட்சிடியோடு ஏபிஐ சர்வரை மட்டும் எழுப்பினால் இந்தக் கட்டத்துக்குப் போதும். `kubectl get` கேட்டு, நேம்ஸ்பேஸ்கள் எல்லாம் இருக்கின்றனவா, ஒரு கடவுச்சொல்லைத் திறந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் மறையாக்கச் சாவி காக்கப்படவில்லை என்று இன்றைக்கே தெரிந்துவிடும். கண்ட்ரோலர் மேனேஜரையும் ஷெட்யூலரையும் இப்போது எழுப்பக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மீட்கப்பட்ட எட்சிடிக்குத் தான் ஒத்திகையில் இருக்கிறோம் என்று தெரியாது. அதற்குள் உள்ள டிஸ்க் எண்கள் உண்மையான, இப்போது கடை ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளின் எண்கள். மேகச் சேவையின் அனுமதிச் சாவியோடு ஒத்திகைக் கிளஸ்டரை முழுதாக எழுப்பி, வேலை முடிந்ததும் சுத்தம் செய்கிறேன் என்று நேம்ஸ்பேஸை அழித்தால், அசல் டிஸ்க்கை அழிக்கச் சொல்லி மேகத்துக்கு ஆணை போகும். நேரம் குறித்துவைத்த வேலைகள் வாடிக்கையாளருக்கு இரண்டாம் முறை மின்னஞ்சல் அனுப்பும். ஒத்திகைக் கணினிக்கு வெளியுலகத் தொடர்பும் அனுமதிச் சாவியும் இருக்கவே கூடாது.

இரண்டாம் கட்டம் சரக்கு. புதிய காலிக் கிளஸ்டர் ஒன்றில் கடையின் தரவுத்தளத்தைப் பேக்கப்பிலிருந்து எழுப்பி, கடைசி ஆர்டரின் நேரத்தைப் பாருங்கள். பேக்கப் 2 மணிக்கு எடுத்தது, கடைசி ஆர்டர் முந்தைய நாள் மாலை 4 மணிக்கு என்றால் எங்கோ கோளாறு. தொடங்கியதிலிருந்து கடையின் முகப்பு திறக்கும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் ‘எவ்வளவு நேரத்தில் வரும்?’ என்று கேட்கும்போது சொல்வதற்கு வேறு எந்த எண்ணும் நம்பத் தகுந்ததல்ல. ஒத்திகையை, ஆவணத்தை எழுதாத ஒருவர் கையில் கொடுப்பது நல்லது. எழுதியவர் விட்ட இடங்களையெல்லாம் தன் நினைவால் நிரப்பிக்கொண்டு போய்விடுவார். குபெர்னட்டிஸ் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒத்திகையை மறுபடி நடத்த வேண்டும்.

அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றிடம் நிர்வகிக்கப்பட்ட கிளஸ்டரை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு எட்சிடியைத் தொட வழியே கிடையாது. அதைக் காப்பது அந்த நிறுவனங்களின் பாடு. ஆனால் `kubectl delete namespace` அங்கும் அதே வேலையைத்தான் செய்யும். டிஸ்க்கும் தரவும் வாடகைக்காரரின் பொறுப்பு.

நேரமோ ஆளோ போதாமல் இரண்டில் ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியும் என்றால், வால்யூம் பேக்கப்பைச் செய்யுங்கள். கிளஸ்டரின் குறிப்புகளை கிட்டில் கோப்புகளாக எழுதிவைத்திருந்தால், எட்சிடி போனாலும் ஒரு நாள் உட்கார்ந்து மறுபடி கட்டிவிடலாம். வாடிக்கையாளரின் ஆர்டரை எந்தக் கோப்பிலிருந்தும் மறுபடி எழுத முடியாது.